பூவின் படத்தில் எந்த எண்? தொழிலிலிருந்து பகுதிக்குப் போகும் வழி

"படத்தில் 1 முதல் 8 வரை குறிக்கப்பட்ட பகுதிகளுள், வித்தாக விருத்தியடைவது எது?" க.பொ.த. சாதாரண தர விஞ்ஞானம் படிக்கும் எந்தப் பிள்ளைக்கும் இந்த மாதிரியான வினா புதிதல்ல. தவணைப் பரீட்சையிலும் வரும், பயிற்சி வினாத்தாளிலும் வரும். புல்லி, அல்லி, கேசரம், சூலகம் என்று ஒரு மூச்சில் ஒப்புவிக்கும் பிள்ளையும் இந்த வினாவுக்கு 7 என்று எழுதிவிட்டுப் போவதுண்டு. 7 சூலகம். கேட்டது சூல்வித்து, அது 8. பாடம் தெரியாமல் போன புள்ளி அல்ல இது. வினாவைத் திறக்கும் முறை தெரியாமல் போன புள்ளி.

இப்படியான வினாவில் மூன்று படிகள் இருக்கின்றன. வினா ஒரு தொழிலைச் சொல்கிறது. அந்தத் தொழிலைச் செய்யும் பகுதியின் பெயரை நாம் நினைவிலிருந்து எடுக்க வேண்டும். பிறகு அந்தப் பெயருக்குரிய இடத்தைப் படத்தில் கண்டுபிடித்து, அங்கே போய் முடியும் கோட்டின் எண்ணை எழுத வேண்டும். வினாத்தாளில் முதற்படியும் கடைசிப் படியும் மட்டுமே கண்ணுக்குத் தெரியும். நடுவில் உள்ள பெயர் எங்கும் அச்சாகியிருக்காது. அவசரத்தில் அந்த நடுப்படியைத் தாண்டி, தொழிலிலிருந்து நேரே எண்ணுக்குப் பாய்வதால்தான் பெரும்பாலான பிழைகள் வருகின்றன. அதனால் முதல் வேலை, படத்தைப் பார்க்க முன்னமே விடையின் பெயரை வினாவின் ஓரத்தில் பென்சிலால் எழுதுவது. "சூல்வித்து" என்று எழுதிய பிள்ளை, படத்தில் சூல்வித்தைத்தான் தேடும். எழுதாத பிள்ளை "கீழே உருண்டையாக இருக்கிறதே, அதுதான்" என்று போய்விடும்.

பெயர் சரியாக வருவதற்கு வினாவில் எந்தச் சொல்லைப் பிடிக்க வேண்டும் என்பதும் முக்கியம். பூவைப் பற்றிய வினாக்களில் "மகரந்தம்" என்ற சொல் அடிக்கடி வரும். அந்தச் சொல்லைக் கண்டதும் மகரந்தக்கூட்டைக் குறிப்பவர்கள் பலர். ஆனால் மகரந்தமணியை உற்பத்தி செய்வது மகரந்தக்கூடு, அந்தக் கூட்டைத் தாங்கி நிற்பது இழை, மகரந்தமணியை ஏற்பது குறி, மகரந்தக்குழாய் வளர்ந்து இறங்கும் வழி தம்பம். நான்கு வினாவிலும் மகரந்தம் இருக்கிறது, நான்குக்கும் விடை வேறு. ஆகவே பெயர்ச்சொல்லின் கீழே கோடு போடாமல் வினைச்சொல்லின் கீழே போட வேண்டும். உற்பத்தி செய்தல், தாங்குதல், ஏற்றல், கவர்தல், பாதுகாத்தல், விருத்தியடைதல்: விடையைத் தீர்மானிப்பவை இவைதான்.

இனிப் படம். வினாத்தாளில் வரும் பூவின் நெடுக்குவெட்டு, உண்மையான பூவைக் கையால் பிரித்துப் பார்க்காத பிள்ளைக்குக் கோடுகளின் கூட்டமாகத்தான் தெரியும். அதற்கு ஏற்ற பூ செவ்வரத்தை. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் வேலியோரத்தில் நிற்கிற அதே ஒற்றை அடுக்குச் சிவப்புச் செவ்வரத்தை போதும். அடுக்குச் செவ்வரத்தை வேண்டாம். அதில் கேசரங்கள் பல அல்லி போல விரிந்துவிடுவதால் பகுதிகள் குழம்பும். காலையில் விரிந்த பூவாகப் பறிப்பது நல்லது. பெரும்பாலும் ஒரே நாளில் வாடிவிடும் பூ இது, பின்னேரத்தில் அல்லி சுருண்டு ஒட்டிக்கொள்ளும்.

பூவைக் காம்போடு பிடித்து வெளியிலிருந்து தொடங்குங்கள். அடியில் ஒடுங்கிய பச்சைச் சிற்றிலைகள் ஒரு வட்டமாக நிற்கும். அவை புறப்புல்லி. சாதாரண தரப் படத்தில் அவற்றைக் காட்டாமல் விடுவார்கள். அதற்கு உள்ளே ஐந்து முனையுடன் கிண்ணம் போல இணைந்திருப்பது புல்லிவட்டம். அதை ஒரு பக்கம் கிழித்து எடுத்தால் ஐந்து சிவப்பு அல்லிகள் அடியில் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பது தெரியும். அல்லிகளை ஒவ்வொன்றாக உரித்துவிட்டால் நடுவில் நீண்ட தண்டு ஒன்று மிஞ்சும். பிழை பிறக்கும் இடம் இந்தத் தண்டுதான்.

வெளியிலிருந்து பார்த்தால் அது ஒரே தண்டு. அதைத் தம்பம் என்று நினைக்காதவர் குறைவு. உண்மையில் வெளியே தெரிவது, பல கேசரங்களின் இழைகள் ஒன்றாக இணைந்து உருவான ஒரு குழாய். அதன் மேற்பாதியில் குட்டையான நூல் போன்ற முனைகள் பிரிந்து நிற்கும். ஒவ்வொன்றின் நுனியிலும் மஞ்சள் தூள் படிந்த சிறு மகரந்தக்கூடு இருக்கும். தம்பம் இந்தக் குழாய்க்கு உள்ளே ஓடுகிறது. ஓர் ஊசியின் நுனியை அடியில் செருகி, குழாயை மேல்நோக்கி நீளவாக்கில் கீறினால், உள்ளே வெளிறிய மெல்லிய நூல் ஒன்று தனியாகக் கழன்று வரும். அதுதான் தம்பம். குழாயின் வாயைத் தாண்டி வெளியே வந்ததும் அது ஐந்தாகப் பிரிகிறது. ஒவ்வொரு கிளையின் நுனியிலும் வெல்வெட் போன்ற சிறு உருண்டை இருக்கிறது. அவை ஐந்தும் குறிகள். விரலால் தொட்டு, மகரந்தத்தூள் அங்கே எப்படி ஒட்டுகிறது என்று பார்க்கலாம்.

கலரில் பார்க்கும்போது மஞ்சள் கூடும் சிவப்புக் குறியும் குழம்பாது. வினாத்தாள் கறுப்பு வெள்ளை. இரண்டும் சின்ன உருண்டைகளாகத்தான் அச்சாகும். வித்தியாசத்தை இடத்தைக் கொண்டும் எண்ணிக்கையைக் கொண்டும் பிடிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் உச்சியில் நிற்கும் ஐந்தும் குறி. அதற்குக் கீழே, பக்கவாட்டில், எண்ண முடியாத அளவுக்குக் கூட்டமாக நிற்பவை மகரந்தக்கூடுகள்.

கடைசியாக அடிப்பகுதி. தம்பம் கீழே போய்ச் சேரும் இடத்தில் சிறிய கூம்பு ஒன்று இருக்கிறது. அது சூலகம். பிளேட்டை விரலுக்கு எதிர்ப்பக்கமாகப் பிடித்து, சூலகத்தை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து கைவில்லையால் பாருங்கள். உள்ளே நடு அச்சில் ஒட்டியபடி வெள்ளை மணிகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு மணியும் ஒரு சூல்வித்து. இன்னொரு பூவின் சூலகத்தைக் குறுக்காக வெட்டினால் ஐந்து அறைகள் தெரியும். சூலகம் என்பது அறை, சூல்வித்து என்பது அறைக்குள் இருக்கும் மணி. இதை ஒருமுறை கண்ணால் கண்ட பிள்ளை 7ஐயும் 8ஐயும் பிறகு மாற்றி எழுதுவது அபூர்வம்.

தோட்டத்துச் செவ்வரத்தை பெரும்பாலும் காய்ப்பதில்லை. அதனால் சூலகம் பழமாவதை அதில் பார்க்க முடியாது. அதற்கு அதே குடும்பத்து வெண்டி இருக்கிறது. வெண்டிப் பூவும் இதே அமைப்புத்தான், அதே கேசரக் குழாய்தான். சமையலுக்கு வைத்திருக்கும் வெண்டிக்காயைக் குறுக்கே வெட்டினால், செவ்வரத்தைச் சூலகத்தில் கைவில்லையால் பார்த்த அறைகளும் நடு அச்சும் வெறுங்கண்ணுக்கே தெரியும். நாம் உண்ணும் பச்சைச் சுவர் சூலகச் சுவராக இருந்தது. உள்ளே உருளும் வெள்ளை மணிகள் சூல்வித்துகளாக இருந்தவை. கடற்கரைப் பக்கம் நிற்கும் பூவரசும் இதே உறவுதான். அதன் மஞ்சள் பூவையும் பிரித்துப் பார்க்கலாம்.

இப்போது அந்த எட்டு எண் படத்துக்கு வருவோம். செவ்வரத்தையின் நெடுக்குவெட்டு முகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1 குறி, 2 மகரந்தக்கூடு, 3 இழை, 4 அல்லி, 5 தம்பம், 6 புல்லி, 7 சூலகம், 8 சூல்வித்து. படத்தில் எண்கள் மட்டும் இருக்கும், பெயர்களை நாம்தான் போட வேண்டும்.

"மொட்டுப் பருவத்தில் உட்பகுதிகளைப் பாதுகாப்பது எது?" வினைச்சொல் பாதுகாத்தல், ஆனால் இங்கே "மொட்டுப் பருவத்தில்" என்ற சொல்தான் திறவுகோல். விரிந்த பூவைப் பார்த்தால் அல்லிதான் எல்லாவற்றையும் மூடியிருப்பது போலத் தெரியும். மொட்டை நினைத்துப் பார்த்தால் வெளியே பச்சையாக மூடியிருப்பது புல்லி. விடை 6. அல்லியின் தொழில் பூச்சிகளையும் பறவைகளையும் கவர்தல். அதைக் கேட்டால்தான் 4.

"மகரந்தக்குழாய் எந்தப் பகுதியினூடாக வளர்ந்து சூலகத்தை அடைகிறது?" மகரந்தமணி குறியில் விழுந்து முளைக்கிறது, குழாய் தம்பத்தினூடாகக் கீழிறங்குகிறது. விடை 5. இங்கே 3ஐ எழுதுபவர்கள், வெளிக்குழாயைத் தம்பம் என்று நினைத்தவர்கள். படத்தில் 5க்குரிய கோடு வெளிக்குழாயைக் கடந்து உள்ளே உள்ள நூலில் போய் முடிகிறதா என்று பார்க்க வேண்டும்.

"கருக்கட்டல் நிகழும் பகுதி எது?" ஆண்புணரி முட்டையோடு சேர்வது கருக்கட்டல். முட்டை இருப்பது சூல்வித்துக்குள். மகரந்தக்குழாய் சூல்வித்தின் சிறு துவாரம் வழியாக உள்ளே நுழைந்து அங்கே ஆண்புணரியை விடுகிறது. விடை 8. குறியை விடையாக எழுதுபவர்கள் மகரந்தச்சேர்க்கையையும் கருக்கட்டலையும் ஒன்றாக்கிவிட்டவர்கள். மகரந்தமணி குறியை வந்து சேர்வது மகரந்தச்சேர்க்கை, அதோடு கருக்கட்டல் முடிந்துவிடுவதில்லை. சில படங்களில் சூல்வித்துத் தனியாகக் குறிக்கப்பட்டிருக்காது, சூலகம் மட்டுமே குறிக்கப்பட்டிருக்கும். அப்போது சூலகத்தின் எண்ணை எழுதுவதுதான் சரி. "குறிக்கப்பட்ட பகுதிகளுள்" என்று வினாவில் போடுவது இதற்காகத்தான்.

"கருக்கட்டலின் பின் பழமாக விருத்தியடைவது எது?" சூலகம், 7. "வித்தாக விருத்தியடைவது எது?" சூல்வித்து, 8. இரண்டும் அடுத்தடுத்து வரும்போது, வெண்டிக்காயை மனத்தில் குறுக்கே வெட்டிப் பாருங்கள், போதும்.

விடை எழுதிய பின் ஒரு திருப்பிப் பார்த்தல் இருக்கிறது. எண்ணிலிருந்து பின்னோக்கி வர வேண்டும். 5 என்று எழுதியிருந்தால், படத்தில் 5இன் கோட்டை விரலால் தொடர்ந்து, அது முடியும் இடத்தின் பெயரைச் சொல்லி, அந்தப் பகுதி வினாவில் கேட்ட தொழிலைச் செய்கிறதா என்று கேட்டுக்கொள்வது. முன்னே போகும்போது தெரியாத பிழை பின்னே வரும்போது தெரியும். ஒரு வினாவுக்குச் சில நொடிகள்தான் செலவாகும். பல்தேர்வு வினா என்றால் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பகுதிகளுக்கும் எண், விடைத் தெரிவுகளுக்கும் எண் என்று இருந்தால், பகுதியின் எண்ணையே விடைத்தாளில் குறித்துவிடும் பிழை நடக்கிறது. பகுதி 4 மூன்றாம் தெரிவில் இருந்தால் விடைத்தாளில் குறிக்க வேண்டியது 3.

பெயரும் தொழிலும் சேர்ந்த சோடியை எல்லாப் பூவுக்கும் அப்படியே பொருத்தவும் முடியாது. தம்பலகாமம், கந்தளாய் வயல்களில் நெல் பூக்கும்போது ஒரு கதிரைப் பிரித்துப் பாருங்கள். கவர்ச்சியான அல்லி இல்லை. ஆறு கேசரங்களும் இறகு போன்ற இரண்டு குறிகளும் உண்டு. உள்ளே இருப்பதை மூடிக் காப்பவை, பிறகு உமியாகப் போகும் இரண்டு செதில்கள். மகரந்தம் காற்றில் வருவதால் குறி இறகு போல விரிந்திருக்கிறது. நெற்பூவின் படத்தைக் கொடுத்து "பூச்சியைக் கவரும் பகுதி" என்று கேட்க மாட்டார்கள். "காற்றில் வரும் மகரந்தமணிகளைப் பிடிப்பதற்கு இசைவாக்கமடைந்த பகுதி எது" என்றுதான் கேட்பார்கள். மரமுந்திரிகையும் இப்படித்தான் ஏமாற்றும். நாம் சப்பித் தின்னும் சாறுள்ள மஞ்சள் அல்லது சிவப்புப் பகுதி சூலகத்திலிருந்து வந்ததல்ல, பூக்காம்பு பருத்து உண்டானது. சூலகம் பழமாகியது கீழே தொங்கும் கொட்டையில்தான்.

கலத்தின் படத்துக்கு வந்தால், பெயரைவிடக் கோடு முடியும் இடமே அதிகம் சோதிக்கப்படுகிறது. தாவரக் கலத்தின் ஓரத்தில் இரண்டு கோடுகள் அருகருகே ஓடும். வெளியே தடிப்பானது கலச்சுவர், அதை ஒட்டி உள்ளே மெல்லியது கலமென்சவ்வு. "கலத்துக்கு உறுதியையும் வடிவத்தையும் கொடுப்பது" என்றால் வெளிக்கோடு. "கலத்தினுள்ளும் வெளியேயும் பதார்த்தங்கள் செல்வதைக் கட்டுப்படுத்துவது" என்றால் உட்கோடு. எண்ணிலிருந்து வரும் கோடு வெளிக்கோட்டில் நின்றுவிடுகிறதா, அதைக் கடந்து உட்கோட்டைத் தொடுகிறதா என்பதை அடிமட்டத்தை வைத்துப் பார்த்தாவது உறுதிசெய்ய வேண்டும். போட்டோப் பிரதியில் இரண்டு கோடுகளும் ஒட்டிப்போயிருந்தால், அதே படத்தில் மற்ற எண்கள் எதைக் குறிக்கின்றன என்று முதலில் முடித்துவிட்டு, மிஞ்சிய பெயரை மிஞ்சிய எண்ணுக்குக் கொடுப்பதுதான் வழி. பச்சையவுருமணியும் இழைமணியும் இரண்டுமே நீள்வட்டமாக வரையப்படும். உள்ளே வட்டுக்களை அடுக்கியது போல இருந்தால் பச்சையவுருமணி, அதன் தொழில் ஒளித்தொகுப்பு. உட்சவ்வு மடிந்து மடிந்து உள்ளே நீட்டிக்கொண்டிருந்தால் இழைமணி, அதன் தொழில் காற்றுச் சுவாசத்தால் சத்தியை வெளிவிடுதல்.

இதயத்தின் படத்தில் வேறொரு சிக்கல். படத்திலுள்ள மனிதர் நம்மைப் பார்த்தபடி நிற்கிறார் என்று எடுத்துக்கொண்டு வரைவது வழக்கம். அதனால் தாளின் இடப்பக்கத்தில் இருப்பது இதயத்தின் வலப்பக்கம். "ஒட்சிசன் செறிந்த குருதியை உடலின் எல்லாப் பகுதிகளுக்கும் செலுத்தும் அறை எது?" என்றால் பெயர் இடது இதயவறை. அது தாளில் வலப்பக்கம் கீழே இருக்கும். இதைப் பாடமாக்கி வைத்திருந்தாலும், பரீட்சைப் பதற்றத்தில் தலைகீழாகப் போகலாம். அதற்குப் படத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது. இடது இதயவறையின் சுவர் வலது இதயவறையின் சுவரைவிடத் தெளிவாகத் தடித்திருக்கும். வலது இதயவறை பக்கத்தில் இருக்கும் சுவாசப்பைக்குத்தான் குருதியைத் தள்ளுகிறது, சுருங்கும்போது அதில் உண்டாகும் அமுக்கம் ஏறத்தாழ 25 மில்லிமீற்றர் இரசம். இடது இதயவறை உடல் முழுதும் தள்ள வேண்டும், அங்கே ஏறத்தாழ 120. தடித்த சுவர் எந்தப் பக்கமோ அது இடது பக்கம். எந்த விதத்தில் வரைந்திருந்தாலும் இந்தச் சாட்சி மாறாது.

குருதிக் கலன்களில் பிழை வருவது பெயரால். "ஒட்சிசன் குறைந்த குருதியை இதயத்திலிருந்து எடுத்துச் செல்லும் கலன் எது?" நாடி என்றால் ஒட்சிசன் செறிந்த குருதி என்று பதிந்துபோன பிள்ளை, தொகுதிப் பெருநாடியைக் குறிக்கும், அல்லது "குறைந்த" என்ற சொல்லைப் பார்த்து ஒரு நாளத்தைக் குறிக்கும். இதயத்திலிருந்து வெளியே கொண்டுபோவது நாடி, இதயத்துக்குக் கொண்டுவருவது நாளம். பெயர் வைத்தது திசையைப் பார்த்து, ஒட்சிசனைப் பார்த்தல்ல. வினாவில் "எடுத்துச் செல்லும்" என்று இருப்பதால் நாடி, "ஒட்சிசன் குறைந்த" என்று இருப்பதால் வலது பக்கம். இரண்டும் சேரும் ஒரே கலன் சுவாசப்பை நாடி. படத்தில் அதைப் பிடிக்க, சுவர் மெலிந்த இதயவறையில் விரலை வைத்து, குருதி வெளியேறும் திசையில் மேலே கொண்டுபோங்கள். இரண்டு சுவாசப்பைகளுக்குமாக இரண்டாகக் கிளைக்கும் கலனில் விரல் போய்ச் சேரும். அந்தக் கலனில் முடியும் கோட்டின் எண்தான் விடை.